குறிப்பேடும் இருப்பாய்வும்: கணக்குப்பதிவியல் பயிற்சியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுத்த பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். ஜூன், ஜூலையில் வருகிற சந்தேகங்கள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான்காம் கேள்வியில் வரும் மாலதியின் கடைதான் கடைசிவரை உதாரணம். அதனால் பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

1. கையில் பணம் வந்தால் அது வரவுதானே சார்? புத்தகத்தில் ஏன் பற்று என்று போட்டிருக்கிறார்கள்?

வீட்டில் "வரவு செலவு" என்று சொல்லும்போது வரவு என்றால் வருமானம். பாடத்தில் வரும் வரவு அந்த வரவு இல்லை. அங்கே பற்று என்பது கணக்கின் இடது பக்கம், வரவு என்பது வலது பக்கம். தொடங்கும்போது இவ்வளவு தெரிந்தால் போதும். வீட்டுப் பேச்சின் பொருளை இந்தச் சொல்லின் மேல் ஏற்றியதும் குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது.

ரொக்கம் ஒரு சொத்து. சொத்து கூடினால் இடது பக்கம், அதாவது பற்று. குறைந்தால் வலது பக்கம், அதாவது வரவு. கல்லாவுக்குப் பணம் வரும்போது ரொக்கக் கணக்கு பற்றாவது இதனால்தான். "வரவு" என்ற சொல் பொருத்தமாக உட்காரும் இடம் ஒன்று உண்டு: கடைக்குப் பணமோ சரக்கோ தந்த ஆளின் கணக்கு. அவர் தந்ததை அவர் பேரில் வரவு வைக்கிறோம். மளிகைக்கடை அண்ணாச்சி "உங்க கணக்குல வரவு வச்சுட்டேன்" என்று சொல்வதும் இதே பொருளில்தான்.

2. யூடியூபில் ஒரு இலங்கை ஆசிரியரின் பாடம் பார்த்தேன். அவர் ரொக்கம் வந்தால் வரவு என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இடது பக்கத்துக்கு வரவு என்றும் வலது பக்கத்துக்குச் செலவு என்றும் பெயர். தமிழ்நாட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. ஆக, "வரவு" என்ற ஒரே சொல் பாக் நீரிணையைத் தாண்டினால் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. நாம் இருப்பாய்வு என்பதை அவர்கள் பரீட்சை மீதி என்கிறார்கள்.

கணக்கு முறை இரண்டு இடத்திலும் ஒன்றே. அந்தப் பாடங்களைத் தாராளமாகப் பாருங்கள். ஆனால் சொல்லைக் காதில் வாங்காமல், எந்தப் பக்கத்தில் எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

3. பேங்கில் நான் பணம் கட்டினால் பாஸ்புக்கில் வரவு என்றுதான் வருகிறது. என் குறிப்பேட்டில் மட்டும் வங்கிக் கணக்கைப் பற்று செய்யச் சொல்கிறீர்களே?

பாஸ்புக் வங்கியின் ஏடு. அந்த ஏட்டில் நீங்கள் பணம் தந்த ஆள், வங்கி உங்களுக்குத் திருப்பித் தரவேண்டியவர். ஆகவே முதல் பதிலில் சொன்ன அண்ணாச்சி மாதிரி, வங்கி உங்கள் பேரில் வரவு வைக்கிறது. உங்கள் ஏட்டில் வங்கியில் இருக்கும் பணம் உங்கள் சொத்து. சொத்து கூடினால் பற்று. ஒரே பணத்தை இரண்டு பேர் அவரவர் நாற்காலியிலிருந்து பார்த்து எழுதுகிறார்கள். பயிற்சிக் கணக்கில் நீங்கள் உட்காரவேண்டியது எப்போதும் வியாபாரியின் நாற்காலியில்தான்.

4. விதியெல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கைப் பார்த்தால் எந்தக் கணக்கைப் பற்று செய்வது என்றே தெரியவில்லை. என்ன செய்ய?

விதிக்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது: எந்த இரண்டு கணக்குகள் அசைகின்றன? அடுத்து, அவை எந்த வகை? அதற்கும் அடுத்துதான், கூடியதா குறைந்ததா? சொத்தும் செலவும் கூடினால் பற்று. பொறுப்பும் முதலும் வருமானமும் கூடினால் வரவு. குறைந்தால் பக்கம் மாறும். இந்த வரிசையைக் குலைத்து முதலிலேயே "பற்றா, வரவா" என்று யோசிக்கிறவர்கள்தான் திணறுகிறார்கள்.

மாலதி நோட்டு, பேனா விற்கும் கடை போடுகிறார். ஜூன் 1: ரூ.50,000 ரொக்கத்துடன் தொடங்கினார். 3: வங்கியில் கணக்கு தொடங்கி ரூ.20,000 செலுத்தினார். 5: பட்டியல் விலை ரூ.20,000 உள்ள நோட்டுகளை 10% வியாபாரத் தள்ளுபடியில் குமாரிடம் கடனுக்கு வாங்கினார். 7: கடைக்கு ரூ.6,000-க்கு ரேக் வாங்கி ரொக்கம் கொடுத்தார். 10: ரொக்க விற்பனை ரூ.9,500. 14: தேவிக்குக் கடனுக்கு விற்றது ரூ.7,200. 18: தேவி திருப்பி அனுப்பிய சரக்கு ரூ.400. 20: குமாருக்குத் தரவேண்டியதில் ரூ.10,000-க்கு ஈடாக ரூ.9,800-க்குக் காசோலை கொடுத்தார், மீதி ரூ.200 தள்ளுபடி. 24: வீட்டுக்கு எடுத்தது ரூ.1,500. 30: வாடகை ரொக்கமாக ரூ.3,000.

மூன்றாம் தேதியை எடுத்துக்கொள்வோம். அசைவது ரொக்கமும் வங்கியும். இரண்டுமே சொத்து. வங்கி கூடியது, ரொக்கம் குறைந்தது. ஆகவே வங்கிக் கணக்கு பற்று 20,000, ரொக்கக் கணக்கு வரவு 20,000. இந்தப் பதிவில் முதல் கணக்கை இழுத்துவருகிற பிள்ளைகள் நிறையப் பேர். மாலதி புதிதாகப் பணம் எதுவும் போடவில்லை. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

5. நோட்டு வாங்கியதற்குக் கொள்முதல் கணக்கு, ரேக் வாங்கியதற்கு அறைகலன் கணக்கு. இரண்டும் வாங்கியதுதானே?

எதற்காக வாங்கினார் என்று பாருங்கள். விற்பதற்கு வாங்கியது மட்டும் கொள்முதல். வைத்துப் பயன்படுத்த வாங்கியது சொத்து. ரேக் விற்கிற கடைக்காரர் ரேக் வாங்கினால் அது கொள்முதல்தான். பொருளின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கடை என்ன விற்கிறது என்று பாருங்கள்.

பரீட்சையில் வினாவின் முதல் வரியிலேயே "அறைகலன் வியாபாரம் செய்யும் ரவி" என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியைத் தாண்டிப் படித்தால் பாதிக் கணக்கு தப்பாகிவிடும்.

6. அஞ்சாம் தேதி 10% தள்ளுபடியை எங்கே எழுதுவது? இருபதாம் தேதி தள்ளுபடியை மட்டும் எழுதச் சொல்கிறீர்கள்?

வியாபாரத் தள்ளுபடி குறிப்பேட்டுக்கு வராது. பட்டியல் விலையில் 2,000 கழித்த பிறகு உள்ள 18,000தான் பேசிய விலை. மாலதி குமாருக்கு 20,000 தரவேண்டியதாக ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை. ஆகவே கொள்முதல் கணக்கு பற்று 18,000, குமார் கணக்கு வரவு 18,000.

இருபதாம் தேதி நிலைமை வேறு. குமாருக்கு 10,000 தரவேண்டியது ஏட்டில் உண்மையாகவே இருந்தது. 9,800 கொடுத்து அந்த 10,000-ஐத் தீர்த்தார். தீர்ந்த கடன் முழுவதும் குமார் பேரில் பற்றாக வேண்டும். கொடுக்காமல் மிச்சமான 200 மாலதிக்கு ஆதாயம்.

```
குமார் க/கு              பற்று   10,000
    வங்கி க/கு                            9,800
    பெற்ற தள்ளுபடி க/கு                   200
(தள்ளுபடி போகக் காசோலை கொடுத்தது)
```

இதற்குக் கூட்டுப் பதிவு என்று பெயர். வரவில் இரண்டு வரி இருந்தாலும் கூடுதல் 10,000 ஆகவேண்டும். குமாரை 9,800-க்குப் பற்று செய்து தள்ளுபடியை விட்டுவிட்டாலும் பதிவு சமமாகத்தான் தெரியும். ஆனால் குமார் பேரில் 200 கூடுதலாகக் கடன் நின்றுவிடும்.

7. தேவி திருப்பி அனுப்பியதை விற்பனைக் கணக்கிலேயே கழித்துவிட்டால் என்ன?

இலாபத் தொகை மாறாது. ஆனால் எவ்வளவு சரக்கு திரும்பி வந்தது என்கிற விவரம் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். அது தனியாகத் தெரிந்தால்தான் சரக்கில் கோளாறா என்று மாலதி பார்க்கமுடியும். அதனால் விற்பனைத் திருப்பக் கணக்கு பற்று 400, தேவி கணக்கு வரவு 400. நம்மிடமே திரும்பி வந்தது விற்பனைத் திருப்பம். நாம் திருப்பி அனுப்பியது கொள்முதல் திருப்பம். இந்த இரண்டையும் மாற்றிப்போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

8. வீட்டுக்கு எடுத்த 1,500 செலவுதானே? ஏன் எடுப்புகள் என்று தனிக் கணக்கு?

மாலதிக்குச் செலவு, கடைக்கு இல்லை. கடை வேறு, மாலதி வேறு என்றுதான் ஏடு நினைக்கிறது. அவர் எடுத்தது அவர் போட்ட முதலிலிருந்து திரும்பிப் போனது. எனவே எடுப்புகள் கணக்கு பற்று 1,500, ரொக்கக் கணக்கு வரவு 1,500.

அடுத்துக் கேட்பார்கள்: பணத்துக்குப் பதில் பிள்ளைக்கு நாலு நோட்டு எடுத்துப் போனால்? அப்போதும் எடுப்புகள் பற்றுதான். ஆனால் வரவு வைக்கவேண்டியது கொள்முதல் கணக்கை, அதுவும் வாங்கிய விலையில். தனக்குத்தானே விற்றதாக எழுதி இலாபம் காட்டமுடியாது.

9. குறிப்பேட்டில் எல்லாம் எழுதியாச்சு. அதையே மறுபடி பேரேட்டில் ஏன் எழுதவேண்டும்?

குறிப்பேடு தேதி வரிசை. "இப்போது கையில் எவ்வளவு ரொக்கம்?" என்று கேட்டால் அது ஒரே இடத்தில் பதில் சொல்லாது. பேரேட்டில் ரொக்கத்துக்கு ஒரு பக்கம் திறந்து, ரொக்கம் தொட்ட பதிவுகளை எல்லாம் அங்கே எடுத்தெழுதுகிறோம். இடது பக்கம் 50,000, 9,500: கூட்டினால் 59,500. வலது பக்கம் 20,000, 6,000, 1,500, 3,000: கூட்டினால் 30,500. வித்தியாசம் 29,000 பற்று இருப்பு. மாலதியின் கல்லாவை எண்ணினாலும் அதே தொகை இருக்கவேண்டும்.

எடுத்தெழுதி முடித்த ஒவ்வொரு தொகைக்கும் எதிரே பேரேட்டுப் பக்க எண்ணைப் போடுங்கள். சும்மா அழகுக்கு என்று நினைத்துப் பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். பாதியில் எழுந்துபோய்த் திரும்பி வந்து உட்கார்ந்தால், எதுவரை எழுதினோம் என்று காட்டுவது அந்த எண்தான்.

10. இருப்பாய்வில் எந்தத் தொகையைக் கொண்டுவருவது, எந்தப் பக்கம் போடுவது?

ஒவ்வொரு கணக்கின் இருப்பையும், எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம். தேவி கணக்கில் பற்று 7,200, வரவு 400. ஆகவே 6,800 பற்று. குமார் கணக்கில் வரவு 18,000, பற்று 10,000. ஆகவே 8,000 வரவு. மாலதியின் ஜூன் 30 இருப்பாய்வு இது:

| கணக்கு | பற்று ரூ. | வரவு ரூ. |
|---|---|---|
| ரொக்கம் | 29,000 | |
| வங்கி | 10,200 | |
| கொள்முதல் | 18,000 | |
| அறைகலன் | 6,000 | |
| தேவி | 6,800 | |
| விற்பனைத் திருப்பம் | 400 | |
| எடுப்புகள் | 1,500 | |
| வாடகை | 3,000 | |
| முதல் | | 50,000 |
| குமார் | | 8,000 |
| விற்பனை | | 16,700 |
| பெற்ற தள்ளுபடி | | 200 |
| மொத்தம் | 74,900 | 74,900 |

11. எனக்கு டேலி ஆகவில்லை. 6,000 இடிக்கிறது. முதலிலிருந்து எல்லாம் அழித்து எழுதவா?

அழிக்காதீர்கள். அந்த 6,000 என்கிற தொகையே எங்கே தேடுவது என்று சொல்லும். முதலில் இரண்டு பத்தியையும் கீழிருந்து மேலாக மறுபடி கூட்டுங்கள். மேலிருந்து கீழே கூட்டும்போது செய்த தப்பை அதே வரிசையில் கண் மறுபடியும் செய்யும்.

கூட்டல் சரியென்றால், 6,000 இருப்புள்ள கணக்கு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அறைகலன் 6,000 இருக்கிறது. அதோடு 6,000-இல் பாதியான 3,000-ஐயும் தேடவேண்டும். பற்றில் வரவேண்டிய வாடகை 3,000-ஐ வரவில் போட்டிருந்தால், ஒரு பக்கம் 3,000 குறைந்து மறுபக்கம் 3,000 கூடி, வித்தியாசம் இரண்டு மடங்காகிவிடும். ஆக இரண்டு கணக்கின் மேல் சந்தேகம். எது என்று கண்டுபிடிக்க வரிகளை எண்ணுங்கள். பேரேட்டில் இருப்புள்ள கணக்குகள் 12. இருப்பாய்வில் 11 வரிதான் இருந்தால் அறைகலன் விட்டுப்போயிற்று, மொத்தம் 68,900-உம் 74,900-உமாக நிற்கும். 12 வரியும் இருந்தால் வாடகை பக்கம் மாறியிருக்கிறது, மொத்தம் 71,900-உம் 77,900-உமாக நிற்கும்.

12. வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார் என்று அக்கா சொன்னாள். அது என்ன கணக்கு?

அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். தேவியின் 6,800-ஐ 8,600 என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். பற்று மொத்தம் 76,700 ஆகி 1,800 கூடுதலாக நிற்கும். 1,800-ஐ 9-ஆல் வகுத்தால் 200. இந்த 200 இரண்டு விஷயம் சொல்கிறது: மாறியது நூறாம் இடமும் ஆயிரமாம் இடமும், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே வித்தியாசம் 2. பற்றுப் பக்கத்தில் அப்படி மாறிக் கூடுதலாகக்கூடியவை இரண்டே: 6,800-உம், 12,000 என்று எழுதக்கூடிய வங்கியின் 10,200-உம். அந்த இரண்டை மட்டும் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தால் போதும்.

ஒரு பூஜ்ஜியத்தை விட்டாலும் இதே குணம் வரும். 400-ஐ 40 என்று எழுதினால் வித்தியாசம் 360, அதுவும் 9-ஆல் வகுபடும். ஆனால் 9-ஆல் வகுபட்டாலே இந்தத் தப்புதான் என்று இல்லை. ரூ.900 விட்டுப்போனாலும் வகுபடும். அதனால் முந்தைய பதிலில் சொன்ன இரண்டு தேடலையும் முடித்த பிறகே இதற்கு வாருங்கள்.

13. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் அனாமத்துக் கணக்கு போட்டுச் சமமாக்கலாமா?

வினாவில் வித்தியாசத்தை அனாமத்துக்கு எடுத்துச் செல்லச் சொல்லியிருந்தால் போடலாம். மாலதி கணக்கைப் போன்ற சாதாரணப் பயிற்சியில் போட்டால், "என் தப்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தது மாதிரி.

பிழை திருத்தப் பயிற்சியில் அது இப்படி வேலை செய்யும். வாடகைக் கணக்கில் 3,000-க்குப் பதில் 300 என்று எடுத்தெழுதிவிட்டார்கள். ரொக்கத்தில் சரியாக இருக்கிறது. பற்று 72,200, வரவு 74,900. குறைந்த பக்கமான பற்றில் அனாமத்து 2,700 என்று போட்டு வைக்கிறோம். பிழை கிடைத்ததும் வாடகைக் கணக்கு பற்று 2,700, அனாமத்துக் கணக்கு வரவு 2,700. அனாமத்து தீர்ந்துவிடும். தீராமல் மிச்சம் நின்றால் இன்னும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது.

14. இரண்டு பக்கமும் சமம். ஆனாலும் தப்பு என்று மார்க் குறைத்துவிட்டார்கள். எப்படி?

இருப்பாய்வு பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: பற்றும் வரவும் ஒரே தொகையா? எந்தக் கணக்கு என்று அது கேட்பதில்லை. ரேக் வாங்கிய 6,000-ஐக் கொள்முதலில் பற்று செய்திருந்தால் கொள்முதல் 24,000 ஆகும், அறைகலன் வரியே இருக்காது, மொத்தம் அதே 74,900. இது விதிப் பிழை. தேவிக்கு விற்ற 7,200-ஐக் குறிப்பேட்டிலேயே எழுத மறந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைந்து மறுபடி சமமாகும். தேவி பேரில் எழுதவேண்டியதை வேறொரு வாடிக்கையாளர் பேரில் எழுதினாலும் சமம். ஒரு பக்கத்தில் இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டாலும் சமம்.

இவற்றைத் திருத்தும்போது அனாமத்துக் கணக்கைத் தொடவே கூடாது. ரேக்குக்கு: அறைகலன் கணக்கு பற்று 6,000, கொள்முதல் கணக்கு வரவு 6,000. இருப்பாய்வைக் குலைத்த பிழைக்கு மட்டுமே முந்தைய பதிலின் வழி. எது எந்த வகை என்று தெரியாமல் எல்லாத் திருத்தத்துக்கும் அனாமத்து போடுவதைத் திருத்திய தாள்களில் நிறையப் பார்க்கிறேன். சமமாகிவிட்டது என்றதும் தாளை மூடாதீர்கள். குறிப்பேட்டை வினாவோடு வரிவரியாக ஒரு தரம் ஒத்துப் பாருங்கள்.

15. டேலி சாஃப்ட்வேரில் போட்டால் இந்தப் பிரச்சினையே வராது என்கிறார்களே?

பற்றும் வரவும் ஒத்துவராத பதிவை அது ஏற்காது. அதனால் 11, 12-ஆம் பதில்களில் பார்த்த பிழைகள் பெரும்பாலும் வராது. தொடக்க இருப்புகளைத் தப்பாகக் கொடுத்தால் மட்டும் `Difference in opening balances` என்று ஒரு வரி நிற்கும். ஆனால் 14-ஆம் பதிலில் உள்ள பிழைகள் அங்கேயும் அப்படியே வரும். ரேக்குக்கு நீங்கள் கொள்முதலைத் தேர்ந்தெடுத்தால், மாலதியின் கடை ரேக் விற்பதில்லை என்று அதற்குத் தெரியாது.

16. மாசக் கடைசியில் கடையில் சரக்கு மிச்சம் இருக்குமே. அது ஏன் இருப்பாய்வில் வரவில்லை?

ஜூன் 30 அன்று ரூ.7,000 மதிப்புள்ள நோட்டுகள் ரேக்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நோட்டுகள் ஏற்கெனவே கொள்முதல் 18,000-க்குள் இருக்கின்றன. இறுதிச் சரக்கிருப்பு என்று தனியாக ஒரு வரி போட்டால் ஒரே நோட்டை இரண்டு தடவை எண்ணியதாகும். பற்று மட்டும் 7,000 கூடி, இருப்பாய்வு சமமாகவும் செய்யாது. அதனால் அதை இருப்பாய்வுக்குக் கீழே சரிக்கட்டுதலாகக் கொடுப்பார்கள்.

ஜூலையில் கதை மாறும். அதே 7,000 தொடக்கச் சரக்கிருப்பாக ஏட்டில் நுழைந்து பற்றுப் பக்கத்தில் நிற்கும், ஏனென்றால் ஜூலையின் கொள்முதலில் அது இல்லை. சில வினாக்களில் இருப்பாய்வுக்குள்ளேயே "சரிக்கட்டப்பட்ட கொள்முதல் 11,000" என்றும் "இறுதிச் சரக்கிருப்பு 7,000" என்றும் இரண்டு வரி இருக்கும். அங்கே 18,000-இலிருந்து 7,000-ஐ ஏற்கெனவே பிரித்து எடுத்துவிட்டார்கள். இரண்டையும் கூட்டினால் பழைய 18,000. அப்படி உள்ளேயே கொடுத்திருந்தால் அந்த 7,000-ஐ வியாபாரக் கணக்கில் மறுபடி காட்டாமல் இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் எழுதுங்கள்.